இரண்டு மார்க் கேள்விக்குப் பதினொரு வரி: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள்

பெரம்பூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். அரையாண்டு ஆங்கிலத்தில் 61 வந்திருக்கிறது. பாடம் தெரியாத பிள்ளை இல்லை, எந்த இடத்தில் கேட்டாலும் கதையைக் கடகடவென்று சொல்லுவாள். திருத்திய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.

கடல்பறவைப் பாடத்தில், குஞ்சு பறக்க ஏன் பயந்தது என்று ஒரு டூ மார்க். பதினொரு வரி எழுதியிருக்கிறாள். கிடைத்தது 1. அதே பாடத்தில் ஃபைவ் மார்க் பாராகிராஃப், அதற்கு ஏழே வரி. கிடைத்தது 2. கடைசியில் இருக்கும் எயிட் மார்க் ஹின்ட்ஸ் கேள்வி பாதியில் நிற்கிறது. "டைம் போயிடுச்சும்மா" என்கிறாள்.

பெரிய கேள்விக்குச் சின்னதாகவும் சின்னக் கேள்விக்குப் பெரிதாகவும் எழுதுகிற இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது? எத்தனை மார்க்குக்கு எத்தனை வரி என்று ஏதாவது கணக்கு உண்டா? பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

அயனாவரம் டியூஷன் அக்கா

இருக்குங்க. நான் ஒன்பது வருஷமா டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைங்களுக்கு ஒரே கணக்குதான் சொல்லிக் கொடுப்பேன். ஒரு மார்க்குக்கு ரெண்டு வரி. டூ மார்க்னா நாலு வரி, ஃபைவ் மார்க்னா பத்து வரி, எயிட் மார்க்னா பதினாறு வரி. ஸ்கேல் வெச்ச மாதிரி எழுதச் சொல்லுங்க, பழகிடுவா. மார்ஜின்ல பென்சில்ல வரி எண் போட்டுப் பழகச் சொன்னா ரெண்டு வாரத்துல கை தானா நின்னுடும்.

கடைசி பெஞ்ச்

நான் இப்ப பிளஸ் டூ. டென்த்ல இங்கிலீஷ் 88. ஆன்ட்டி, நிறைய எழுதினா மார்க் வரும்னுதான் எங்க ஸ்கூல்ல சொன்னாங்க. அடிஷனல் ஷீட் வாங்குறவனுக்குத்தான் மரியாதை. டூ மார்க்குக்கு அரைப் பக்கம் இல்லேன்னா எங்க மிஸ் அடிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்லுவாங்க. கம்மியா எழுதச் சொல்லிக் கொடுத்துட்டு அப்புறம் ஸ்கூல்ல மார்க் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?

சிவப்பு மை

அம்மா, நான் அரசுப் பள்ளியில் இருபத்துநான்கு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணிக்கும் பல வருடம் போயிருக்கிறேன். உங்கள் மகளின் தாளில் இருந்து அந்த டூ மார்க் விடையை மட்டும் வரிவரியாக இங்கே சொல்ல முடியுமா? ஆங்கிலத்தில் வேண்டாம், எந்த வரியில் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தமிழில் சொன்னால் போதும். அதைப் பார்க்காமல் வரிக்கணக்கு பேசுவதில் பயனில்லை.

பெரம்பூர் அம்மா

சொல்கிறேன் சார். முதல் இரண்டு வரி, பாடத்தின் பெயர், எழுதியவர் பெயர், இது தைரியத்தைப் பற்றிய கதை என்று. அடுத்த மூன்று வரி, குஞ்சு பாறை விளிம்பில் தனியாக இருந்தது, இரண்டு அண்ணன்களும் தங்கையும் முந்தின நாளே பறந்து போய்விட்டார்கள். அதற்கடுத்த மூன்று வரியில் அப்பா அம்மா கூப்பிட்டார்கள், திட்டினார்கள், பட்டினி போடுவதாக மிரட்டினார்கள். ஒன்பதாவது வரியில் சிறகு தன்னைத் தாங்காது என்று அது பயந்தது. கடைசி இரண்டு வரி, தன்னம்பிக்கை இருந்தால் எதையும் செய்யலாம் என்று முடித்திருக்கிறாள்.

சிவப்பு மை

நன்றி. இப்போது எல்லாம் தெரிகிறது.

கேள்வி "ஏன் பயந்தது" என்பது. பாடத்தில் அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. விளிம்புக்கு ஓடிவந்து சிறகை அடிக்கப் பார்க்கும்போது கீழே கடல் பரந்து கிடக்கிறது, அது வெகு தூரம் கீழே இருக்கிறது. இது ஒன்று. தன் சிறகு தன்னைத் தாங்கவே தாங்காது என்று அது உறுதியாக நம்புகிறது. இது இரண்டு. இரண்டு மார்க் என்பது இந்த இரண்டு காரணங்களுக்குத்தான். உங்கள் மகள் இரண்டாவதை மட்டும் எழுதியிருக்கிறாள். அதனால்தான் 1.

பதினொரு வரி எழுதியதற்காக யாரும் மார்க்கைக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்ட காரணத்தில் பாதி விடுபட்டுவிட்டது. பக்கம் நிறைந்திருந்ததால் அது விடுபட்டது அவளுக்கே தெரியவில்லை. நீளமாக எழுதுவதில் உள்ள பெரிய ஆபத்து நேரம் போவதுகூட இல்லை, இதுதான். மூன்று வரி மட்டும் எழுதியிருந்தால் "ஒரு காரணம்தானே இருக்கிறது" என்று அவள் கண்ணிலேயே பட்டிருக்கும்.

இன்னொன்று. கேள்வித்தாளில் அந்தப் பகுதிக்கு மேலேயே ஒன்றிரண்டு வாக்கியங்களில் விடை எழுதச் சொல்லி அச்சடித்திருப்பார்கள். பாராகிராஃப் பகுதிக்கு மேலே பத்து வரிக்கு மிகாமல் என்று இருக்கும். எத்தனை கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வகுப்பில் நாங்களும் அதைப் படித்துக் காட்டுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மடிப்பாக்கம் அப்பா

என் பையன் சிபிஎஸ்இ பத்தாவது. இது எங்களுக்கும் பொருந்துமா? எங்களுக்குக் கேள்வியிலேயே சொல் எண்ணிக்கை இருக்கிறது. மூன்று மார்க்குக்கு 40 முதல் 50 சொல், ஆறு மார்க்குக்கு 100 முதல் 120 சொல். பையன் ஒவ்வொரு சொல்லாக எண்ணி எண்ணி எழுதுகிறான். 50ஆவது சொல்லில் வாக்கியம் முடியாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறான். ஒரு சொல் கூடினால் எத்தனை மார்க் போகும்?

சிவப்பு மை

மடிப்பாக்கம் சார், உங்கள் பையனை எண்ணுவதை நிறுத்தச் சொல்லுங்கள். தேர்வு அறையில் சொல் எண்ணுவது வீண் வேலை. வீட்டில் ஒரே ஒரு தடவை அவன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு. அப்படியானால் 50 சொல் என்பது ஆறேழு வரி. 120 சொல் என்பது பதினைந்து, பதினாறு வரி. அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்த எண்ணிக்கை எவ்வளவு சரக்கு எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கான அளவு. வாக்கியத்தை நடுவில் வெட்டுவதற்காக அதைக் கொடுக்கவில்லை.

அங்கேயும் மூன்று மார்க்குக்கு மூன்று கருத்து வேண்டும் என்பதில்லை. இரண்டு கருத்தும் அவற்றைத் தாங்குகிற ஒரு சான்றும் இருக்கலாம். சிபிஎஸ்இயில் கேள்வி சற்றுச் சுற்றி வரும், சொந்தமாக யோசித்து எழுதச் சொல்லும். அதனால் கதையைத் திருப்பிச் சொன்னால் அங்கே இழப்பு இன்னும் அதிகம்.

அயனாவரம் டியூஷன் அக்கா

சார், உங்க கணக்கும் என் கணக்கும் ஒண்ணுதானே? டூ மார்க் நாலு வரி, ஃபைவ் மார்க் பத்து வரி. நீங்களும் பத்து வரின்னுதான் சொல்றீங்க.

சிவப்பு மை

அந்த இரண்டு இடத்தில் ஒத்துப் போகிறது அக்கா, மறுக்கவில்லை. உரைநடை டூ மார்க்குக்கு மூன்று, நான்கு வரி சரிதான். பாராகிராஃபுக்குப் பத்து வரியும் சரி. ஆனால் அதே தாளில் உங்கள் கணக்கு மூன்று இடத்தில் வழுக்கிவிடும்.

செய்யுள் டூ மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிப் பாட்டைக் கொடுத்து, கீழே அ, ஆ என்று இரண்டு குட்டிக் கேள்வி இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மார்க். "இந்த வரியில் 'அவர்கள்' என்பது யாரைக் குறிக்கிறது" என்று கேட்டால் அதற்கு ஒரு வாக்கியம். அதை இரண்டு வரியாக இழுக்க ஒன்றுமே இல்லை. இழுத்தால் பாட்டின் பொருளை எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது கடைசியில் வரும் பத்தி. பார்க்காத ஒரு பத்தியையோ பாட்டையோ கொடுத்து எட்டு மார்க் என்று போட்டிருப்பார்கள். எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் பயந்துபோய் ஒரு பக்கம் எழுதுவார்கள். உள்ளே பார்த்தால் நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். நான்கு டூ மார்க் அது, அவ்வளவுதான். விடையும் அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று அல்லது இரண்டு வாக்கியம்.

மூன்றாவது ஹின்ட்ஸ் கேள்வி. அதில் நீளத்தை முடிவு செய்வது எட்டு என்ற எண் இல்லை. கொடுத்திருக்கும் துணுக்குகள்தான் முடிவு செய்யும். கோடு போட்டுப் போட்டு ஒரு பன்னிரண்டு பதினைந்து துணுக்கு கொடுத்திருந்தால், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியமாக வேண்டும். இரண்டு துணுக்கு ஒரே வாக்கியத்தில் இயல்பாக இணைந்தால் இணைக்கலாம். ஒரு துணுக்கையும் விடக் கூடாது. அப்படி எழுதினால் ஒரு பக்கத்தை ஒட்டி வரும், பதினாறு வரியில் நிறுத்த வேண்டும் என்று இல்லை.

பெரம்பூர் அம்மா, உங்கள் மகள் அந்தப் பத்திக்கு எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று பாருங்கள்.

பெரம்பூர் அம்மா

சார், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு வரி. பத்தியில் இருந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். 8க்கு 7 கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் ஹின்ட்ஸ் கேள்வியைத் தொட்டிருக்கிறாள். அதில் பாதி.

பழைய தாள்

நான் தாத்தா ஆகிவிட்டவன், ராயபுரம். பேரன் படிக்கிறான். ஒரு விஷயம் சொல்லலாமா. முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டு தாள், இரண்டு நாள். என் பிள்ளைகள் அப்படித்தான் எழுதினார்கள். எழுத இடமும் நேரமும் இருந்தது. 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாளாக்கினார்கள். உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம், கடிதம், விளம்பரம், வழிகாட்டும் வரைபடம் எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள். ஆனால் பேரன் வைத்திருக்கும் கைடில் டூ மார்க் விடை இன்னும் ஏழெட்டு வரி இருக்கிறது. பிள்ளை அதை மனப்பாடம் செய்கிறான். மனப்பாடம் செய்ததை நடுவில் நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை, ஆரம்பித்தால் கடைசிவரை ஓடினால்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

சிவப்பு மை

ஐயா, மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். மனப்பாடம் செய்த விடைக்கு ஒரே நீளம்தான் உண்டு. அது கேள்விக்குத் தகுந்தபடி சுருங்காது, நீளாது. அந்த விடையில் கேட்டதற்கான வரி எது என்று பிள்ளைக்குத் தெரியாததால் முழுவதையும் கொட்டிவிடுகிறது. பெரம்பூர் அம்மாவின் மகள் எழுதிய முதல் இரண்டு வரி, அதாவது பாடப் பெயர், ஆசிரியர், கருப்பொருள், அது துணைப்பாட எயிட் மார்க்குக்குச் சொல்லிக் கொடுக்கிற முன்னுரை. அது அங்கே இருந்து இறங்கி டூ மார்க்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசி இரண்டு வரி நீதியும் அப்படித்தான்.

இப்போது ஃபைவ் மார்க்குக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் அதே பாடம் வேறு அளவில் கேட்கப்படுகிறது. பயத்தை வெல்ல அந்தக் குஞ்சு பட்ட பாட்டை விவரி, இதுதானே கேள்வி? உங்கள் மகளின் ஏழு வரியில் என்ன இருக்கிறது அம்மா?

பெரம்பூர் அம்மா

ஆமாம் சார், அதே கேள்வி. முதல் நான்கு வரி பயத்தைப் பற்றி. அந்த டூ மார்க்கில் எழுதியதுதான் திரும்ப வந்திருக்கிறது. பிறகு பசி தாங்காமல் மீனைப் பார்த்துப் பாய்ந்தது, பறந்துவிட்டது, எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று மூன்று வரியில் முடித்துவிட்டாள்.

சிவப்பு மை

டூ மார்க்கில் "ஏன்" என்பது காரணத்தைக் கேட்கிறது. இங்கே "பட்ட பாட்டை விவரி" என்பது ஓட்டத்தைக் கேட்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை. இரண்டு மார்க்குக்கு முழு விடையாக இருந்த பயம், ஐந்து மார்க்கில் அரை வாக்கியமாகச் சுருங்க வேண்டும். அங்கே அது தொடக்கப் புள்ளி மட்டும்.

நான் வகுப்பில் இதை எப்படிப் பிரிக்கச் சொல்வேன் என்றால், ஆறு படி. உடன்பிறந்தவர்கள் பறந்தபிறகு கீழே இருக்கும் கடலையும் சிறகையும் நினைத்துப் பயந்து விளிம்பில் தனியாக நின்றது. பெற்றோர் அழைத்தார்கள், ஏசினார்கள், பறக்காவிட்டால் பட்டினி என்றார்கள், 24 மணி நேரம் யாரும் கிட்டே வரவில்லை. ஒரு காலில் நின்று தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. தாய் மீன் துண்டோடு எதிரே பறந்து வந்து கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது, பசியில் குஞ்சு அதை நோக்கிப் பாய்ந்தது. அலறிக்கொண்டு கீழே விழும்போது சிறகு தானாக விரிந்தது, பயம் ஒரு நிமிடம்தான், பிறகு பறந்தது. கடைசியாகக் கடலில் இறங்கும்போது கால் தண்ணீரில் அமிழ்ந்ததும் மறுபடி பயந்தது, வயிறு தண்ணீரைத் தொட்டதும் அமிழாமல் மிதந்தது, குடும்பம் சுற்றி நின்று பாராட்டி மீன் துண்டு கொடுத்தது.

இந்தக் கடைசிப் படியைக் கவனியுங்கள். குஞ்சுக்கு இரண்டாவது பயம் ஒன்று இருக்கிறது, தண்ணீர்ப் பயம். என் வகுப்புத் தாள்களில் பெரும்பாலான பிள்ளைகள் "பறந்துவிட்டது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்ட பாடு என்று கேட்டால் அதுவும் அந்தப் பாட்டில் சேர்ந்ததுதான்.

ஆறு படிக்கு ஆறேழு வாக்கியம், அது இயல்பாகவே பத்து வரியில் அடங்கும். வரியை எண்ணாமலே நீளம் சரியாக வந்துவிடுவதைப் பாருங்கள்.

கடைசி பெஞ்ச்

சார் ஒரு டவுட். அஞ்சு மார்க்குக்கு ஏன் ஆறு படி? அஞ்சு பாயின்ட் போதாதா?

சிவப்பு மை

நல்ல கேள்வி தம்பி. ஒரு மார்க்குக்கு ஒரு பாயின்ட் என்பது டூ மார்க்கில் பெரும்பாலும் பொருந்தும். ஃபைவ் மார்க்கில் அப்படிக் கறாராகப் பார்ப்பதில்லை. கருத்து வரிசையாக வந்திருக்கிறதா, வாக்கியம் பிழையில்லாமல் இருக்கிறதா என்பதும் அந்த ஐந்துக்குள்தான் அடங்குகிறது. ஒரு படி விட்டுப் போனாலும் மற்றது நன்றாக இருந்தால் நான் நாலரை போட்டிருக்கிறேன். படி எல்லாம் இருந்து வாக்கியம் சிதைந்திருந்தால் மூன்று போட்டிருக்கிறேன்.

கடிதம் இன்னும் வேறு மாதிரி. அங்கே முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு என்று உருவத்துக்கே மார்க்கில் பங்கு உண்டு. அதனால் கடிதத்தின் உடலை இரண்டு பக்கம் எழுதினாலும் அந்தப் பங்கு கூடாது, உருவத்தில் ஒன்றை விட்டால் அந்த இரண்டு பக்கமும் அதைச் சரிக்கட்டாது.

அயனாவரம் டியூஷன் அக்கா

செய்யுள் டூ மார்க் நான் யோசிக்கல சார், ஒத்துக்கறேன். என்கிட்ட வர்ற பிள்ளைங்க நாலு வரி ஆகணுமேன்னு ஆ கேள்விக்கும் பாட்டையே எழுதிட்டு வருவாங்க. ஆனா ஒண்ணு. சுமாரா படிக்கிற பிள்ளைக்கு, கேள்வியைப் பார்த்து எத்தனை பாயின்ட்னு பிரிக்கத் தெரியாது. அவனுக்கு ஏதாவது ஒரு எண் கொடுத்தாத்தான் பிடிச்சுக்குவான். உங்க முறை நல்லா படிக்கிற பிள்ளைக்கு சரி. என் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கறதுல பாதிப் பேருக்கு வாக்கியமே வராது. அவனை "கருத்தைப் பிரி"ன்னா பேனாவை மூடி வெச்சுடுவான்.

சிவப்பு மை

அது உண்மை அக்கா. அதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. நான் அப்படிப் பிள்ளைகளிடம் கேள்வியில் இருக்கும் கேள்விச் சொல்லை மட்டும் வட்டமிடச் சொல்வேன். ஏன் என்றால் "ஏனென்றால்" என்று விடை தொடங்க வேண்டும், எப்படி என்றால் செய்த செயலைச் சொல்லித் தொடங்க வேண்டும், யார் என்றால் பெயரில் தொடங்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே விடை வந்துவிட்டால் பிறகு அவன் எங்கே நிறுத்தினாலும் நஷ்டம் குறைவு. வாக்கியமே வராத பிள்ளைக்கு உங்கள் வரிக்கணக்குதான் கைத்தடி என்றால், செய்யுளுக்கும் பத்திக்கும் அதைப் பயன்படுத்தாதே என்று மட்டும் சொல்லி விடுங்கள்.

மடிப்பாக்கம் அப்பா

இங்கே நேரக் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 100 மார்க், 180 நிமிடம். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். அதைப் பிடித்துக்கொண்டால் நீளம் தானாக வராதா?

சிவப்பு மை

வராது சார், ஏனென்றால் ஒரு மார்க் கேள்விகள் பதினான்கும் தெரிந்த பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1.8 கணக்குப்படி அதற்கு 25 நிமிடம் ஆக வேண்டும். அங்கே மிச்சமாகும் நேரம்தான் பெரிய விடைகளுக்குப் போகிறது. நான் சொல்வது இது. ஒரு மார்க்குகளுக்கு 10 நிமிடம். டூ மார்க் பத்து, ஒவ்வொன்றும் 4 நிமிடம், ஆக 40. ஃபைவ் மார்க் பத்து, ஒவ்வொன்றும் 9 நிமிடம், ஆக 90. எயிட் மார்க் இரண்டுக்கும் சேர்த்து 30. மிச்சம் 10 நிமிடம் திருப்பிப் பார்க்க. கேள்வித்தாள் படிக்கத் தனியாக நேரம் கொடுக்கிறார்கள், அதை இதில் சேர்க்கவில்லை.

பெரம்பூர் அம்மா, உங்கள் மகள் பதினொரு வரிக்கு எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும் என்று நினைக்கிறேன். பத்து டூ மார்க்கில் ஐந்தாறு இப்படி எழுதியிருந்தால்கூட, அந்த ஹின்ட்ஸ் கேள்விக்கான நேரம் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

கடைசி பெஞ்ச்

சார் எல்லாம் சரி, ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. ஸ்கூல்ல மிஸ் அரைப் பக்கம் கேக்கறாங்க. பப்ளிக்ல ரெண்டு வாக்கியம் போதும்னு நீங்க சொல்றீங்க. இவங்க பொண்ணு எதை எழுதணும்? ரிவிஷன் டெஸ்ட்ல குறைஞ்சா வீட்டுலயே திட்டுவாங்க. அப்புறம் திருத்துறவங்க எல்லாரும் உங்கள மாதிரி இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? பேப்பர் நிறைஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு மார்க் போடுறவங்களும் இருக்காங்கல்ல?

சிவப்பு மை

இருக்கலாம் தம்பி. ஒரு நாளில் பல தாள் பார்க்கிற களைப்பில் கண்ணுக்கு நிறைவாக இருப்பது ஒரு எண்ணத்தை உண்டாக்கும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அது ஃபைவ் மார்க்கில் அரை மார்க் அளவில் வேலை செய்யலாம். டூ மார்க்கில் விடைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கருத்தைத் தேடும்போது பதினொரு வரி எனக்கு இடைஞ்சல்தான். ஒன்பதாவது வரியில் இருக்கிற விடையைத் தேடிப் பிடிக்கிறவர் கிடைப்பது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

பள்ளியில் அரைப் பக்கம் கேட்கிற ஆசிரியரிடம் பிள்ளை வாதாட வேண்டாம். முதல் இரண்டு வாக்கியத்தில் விடையை எழுதிவிட்டு, பிறகு வேண்டுமானால் இரண்டு வரி சேர்க்கட்டும். வகுப்புத் தேர்வில் அவர் கேட்கிற அளவும் வரும், பொதுத்தேர்வில் பின்பகுதியை வெட்டிவிடுவதும் சுலபம். பெற்றோர் கூட்டத்தில் அம்மா கேள்வித்தாளையே காட்டி, மேலே இருக்கும் அந்த வரியைப் பற்றிப் பணிவாகக் கேட்கலாம்.

பழைய தாள்

கேட்கலாம்தான். ஆனால் வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருக்கும்போது அந்த ஆசிரியை அரைப் பக்கம் கேட்பதற்கும் காரணம் இருக்கும். பிள்ளை பாடத்தைப் படித்ததா என்று பார்க்க அவருக்கு வேறு வழி இல்லையோ என்னவோ. வகுப்புத் தேர்வின் நோக்கமும் பொதுத்தேர்வின் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

பெரம்பூர் அம்மா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், இடையில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினொரு வரிக்கு ஒன்பது நிமிடம் ஆனது. அவளே அதிர்ந்துபோனாள். பிறகு அரையாண்டுத் தாளில் உரைநடை டூ மார்க் மூன்றையும் எடுத்து, கேள்விக்குச் சம்பந்தமில்லாத வாக்கியத்தை எல்லாம் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். முதல் விடையில் ஒரு வரிதான் மிஞ்சியது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் ஆறு வரி எழுதியும் விடையே எழுதவில்லை, அதற்கு 0 போட்டிருந்தார்கள். ஏன் 0 என்று இத்தனை நாள் எங்கள் இரண்டு பேருக்குமே புரியாமல் இருந்தது.

கடல்பறவை டூ மார்க்கை மறுபடி எழுதினாள். இரண்டு வாக்கியம், நாலு வரி, மூன்றரை நிமிடம். பாராகிராஃபுக்கு நீங்கள் சொன்ன ஆறு படியைச் சொல்லாமல், அவளையே பாடத்தைப் படித்துப் பிரிக்கச் சொன்னேன். ஐந்து எடுத்தாள். தூங்குவதுபோல் நடித்ததை விட்டுவிட்டாள், ஆனால் தண்ணீர்ப் பயத்தை எடுத்திருந்தாள். ஒன்பது வரி வந்தது.

நேற்று ரிவிஷன் டெஸ்ட். டூ மார்க்கில் இரண்டு வாக்கியம் மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கிறாள், பின்னால் சேர்க்கச் சொன்ன இரண்டு வரியைச் சேர்க்கவில்லை. "விடை அங்கேயே முடிஞ்சிடுச்சும்மா, மேல என்ன எழுதறது" என்றாள். ஹின்ட்ஸ் கேள்வியை முடித்திருக்கிறாள், ஆறு நிமிடம் மிச்சம் இருந்ததாம். மிஸ் இன்னும் தாள் கொடுக்கவில்லை.

சார், நோட் மேக்கிங் கேள்வியில் குறிப்பு எடுப்பதற்கும் அதைச் சுருக்கி எழுதுவதற்கும் நீளம் எப்படி வைப்பது? அதிலும் இப்படியே நிறைய எழுதுகிறாள். தாள் வந்ததும் அந்தப் பக்கத்தை இங்கே சொல்லட்டுமா?

சிவப்பு மை

சொல்லுங்கள் அம்மா. டூ மார்க் பக்கத்தையும் சேர்த்து. மிஸ் என்ன போட்டிருக்கிறார் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.